வான்கோழிக் குஞ்சு: முதல் எட்டு வாரங்கள்

வான்கோழிக் குஞ்சுகள் சாகும் பண்ணைகளில் பெரும்பாலும் நாட்டுக்கோழி நன்றாகவே வளர்கிறது. கூண்டு, தீனி, தண்ணீர், மருந்து எல்லாம் கோழிக்குச் சரியாக இருக்கின்றன. அதே ஏற்பாட்டில் வான்கோழியை வைத்ததும் முதல் வாரத்தில் பாதி போகிறது. மிஞ்சியது மூன்று மாதத்துக்குள் மஞ்சளாகக் கழிந்து விழுகிறது. இதைக் கண்டவர்கள் வான்கோழி நோஞ்சான் இனம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வளர்ந்த வான்கோழி வெயிலையும் மழையையும் தாங்கி மேய்கிற திடமான பறவை. அதன் குஞ்சுக்கும் கோழிக்குஞ்சுக்கும் மூன்று இடங்களில் தேவை வேறுபடுகிறது: தானாகத் தின்னக் கற்பதில், தீனியின் புரதத்தில், கோழி நடந்த மண்ணைத் தாங்குவதில். இழப்பில் பெரும்பங்கு இந்த மூன்றில் ஒன்றில்தான் நேர்கிறது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். கணக்குக்கு 50 குஞ்சுகளை எடுத்துக்கொள்வோம்; சிறு பண்ணையில் ஒருவர் தனியாகக் கவனிக்கக்கூடிய எண்ணிக்கை அது.

அடைக்கோழியை நம்பலாமா?

முதலில் எழும் கேள்வி இதுதான். கிராமங்களில் வான்கோழி முட்டையை நாட்டுக்கோழிக்கு அடை வைத்து, பொரித்த குஞ்சுகளை அந்தத் தாயோடே மேயவிடும் பழக்கம் உண்டு. பல இடங்களில் குஞ்சுகள் பிழைத்தும் இருக்கின்றன. அப்படியிருக்க எதற்கு விளக்கு, வளையம், தனிக் கொட்டகை? தாய்க்கோழி இரண்டு வேலைகளைச் செய்கிறது. சூடு தருகிறது, கொத்திக் காட்டித் தின்னப் பழக்குகிறது. இரண்டிலும் எந்த விளக்கையும்விட அதுவே மேல். சிக்கல் அது குஞ்சுகளை அழைத்துப்போகும் இடத்தில் இருக்கிறது. கோழியின் குருட்டுக்குடலில் வாழும் சிறு புழுவின் முட்டைகள் எச்சத்தோடு விழுந்து முற்றத்து மண்ணில் கிடக்கும். கருந்தலை நோயின் கிருமி அந்த முட்டைக்குள்தான் ஒளிந்திருக்கிறது. கோழிக்கு அதனால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. வான்கோழிக் கூட்டத்தில் அதே கிருமி பெரும்பகுதியைக் கொன்றுவிடும். பிழைத்த இடங்களில் மண் சுத்தமாக இருந்திருக்கும், அல்லது கோழிகள் குறைவாக இருந்திருக்கும். அது அடுத்த ஈட்டுக்கும் தொடரும் என்று எண்ண முடியாது.

ஆனாலும் அடைக்கோழியை முழுதாக ஒதுக்க வேண்டியதில்லை. புதிதாக விழுந்த எச்சத்தில் உள்ள புழு முட்டை உடனே தொற்றாது. வெளியில் கிடந்து முதிர ஏறத்தாழ இரண்டு வாரம் வேண்டும். ஆகவே பொரிக்கும் வேலையை மட்டும் கோழியிடம் விடலாம். வான்கோழி முட்டை பொரிய 28 நாள் ஆகும். நான்காம் வாரத் தொடக்கத்தில், கோழி இரைக்கு எழும் நேரம் பார்த்து, கூட்டின் பழைய வைக்கோலை எடுத்துவிட்டுப் புதிது போடுங்கள். குஞ்சுகள் வெளிவந்து உலர்ந்ததும் அன்றைக்கே எடுத்து விளக்கின் கீழ் மாற்றிவிடுங்கள். தாயோடு முற்றத்துக்கு இறங்கவே விடக்கூடாது.

குஞ்சு வருமுன் செய்ய வேண்டியவை

1. கோழிக் கொட்டகையிலிருந்து விலகிய, காற்றோட்டமுள்ள அறை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மண் தரை வேண்டாம். சிமெண்டுத் தரையைக் கழுவிக் காயவிட்டு, இரண்டு அங்குலக் கனத்துக்கு நெல் உமி பரப்புங்கள்.

2. தகரம் அல்லது அட்டையால் ஓரடி உயரத்தில், இரண்டு மீட்டர் குறுக்களவில் வட்டமான தடுப்பு அமையுங்கள். குளிரிலும் பயத்திலும் வான்கோழிக் குஞ்சுகள் மூலையில் போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கும். வட்டத்தில் மூலை கிடையாது.

3. முதல் நான்கைந்து நாளைக்கு உமியின் மேல் சொரசொரப்பான காகிதமோ அட்டையோ விரியுங்கள். குஞ்சு தீனி எது, உமி எது என்று தெரியாமல் உமியைத் தின்று வயிறு அடைத்துக்கொள்ளும். வழவழப்பான செய்தித்தாளை அப்படியே விரித்தால் கால்கள் இரு பக்கமும் சறுக்கி விரிந்து, குஞ்சு நிற்க முடியாமல் போகும்.

4. நடுவில் இரண்டு 100 வாட் குண்டு பல்புகளைத் தொங்கவிடுங்கள். ஒன்று போனால் மற்றொன்று இருக்க வேண்டும் என்பதற்காகவே இரண்டு. குஞ்சு வருவதற்கு ஐந்தாறு மணி நேரம் முன்பே எரியவிட்டு, குஞ்சின் முதுகு உயரத்தில் 35 டிகிரி செல்சியஸ் வருகிறதா என்று வெப்பமானியில் பாருங்கள்.

வாரத்துக்கு 3 டிகிரி குறைத்து, நான்காம் வாரத்தில் 26 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். ஆனால் சித்திரை, வைகாசியில் பகல் வெப்பமே அந்த அளவைத் தாண்டிவிடும். அப்போது பகலில் பல்பை அணைத்துவிட்டு இரவில் மட்டும் போடுவதே சரி. வெளிச்சத்துக்கு வேறு சிறு விளக்கு வைத்துக்கொள்ளலாம். வெப்பமானியைவிடக் குஞ்சுகளே நல்ல சாட்சி. பல்புக்குக் கீழ் குவிந்து கீச்சிட்டால் குளிர். தடுப்போரம் ஒதுங்கி வாய் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் மறுபக்கம் காற்று வீசுகிறது. பரவலாக உட்கார்ந்திருந்தால் நீங்கள் எதையும் தொட வேண்டாம். இரவு பத்து மணிக்கு ஒருமுறையும் விடியற்காலை நான்கு மணிக்கு ஒருமுறையும் பார்ப்பது முதல் வாரத்தில் கட்டாயம். மின்தடைக்குக் கரியடுப்பு வைப்பவர்கள் சன்னலைத் திறந்து வைக்க வேண்டும். மூடிய அறையில் கரிப்புகை குஞ்சையும் கொல்லும், அங்கே படுத்திருக்கும் ஆளையும் கொல்லும்.

தின்னக் கற்றுக்கொடுப்பது

கோழிக்குஞ்சைத் தீனித் தட்டின் பக்கத்தில் விட்டால் சில மணி நேரத்தில் கொத்தத் தொடங்கிவிடும். வான்கோழிக் குஞ்சு தட்டுக்குள் நின்றுகொண்டே பட்டினி கிடக்கும். அதற்குப் பார்வை அவ்வளவு துல்லியமில்லை, எளிதில் மிரளும். வயிற்றிலுள்ள மஞ்சள் கருவின் மிச்சம் இரண்டு மூன்று நாளைக்குத் தாங்கும் என்பதால் அதுவரை நன்றாக இருப்பதாகவே தோன்றும். நான்காம் நாள் முதல் ஆறாம் நாள் வரை வரிசையாகச் சாகும். பலர் இதை நோய் என்று எண்ணி மருந்துக் கடைக்கு ஓடுகிறார்கள். செத்த குஞ்சின் தீனிப்பையைத் தொட்டுப் பார்த்தால் காலியாகவே இருக்கும். பசிக்கு மருந்து கொடுத்துப் பயனில்லை.

1. குஞ்சுகளைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, அலகின் நுனியை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒருமுறை தோய்த்து, அது விழுங்குவதைப் பார்த்த பிறகு கீழே விடுங்கள். 50 குஞ்சுக்கு அரை மணி நேரம் ஆகும். இந்த அரை மணியை மிச்சப்படுத்த நினைக்காதீர்கள்.

2. தண்ணீர்க் குப்பியின் விளிம்புத் தட்டில் வண்ணக் கோலிக்குண்டுகளைப் போடுங்கள். பளபளப்பைப் பார்த்துக் கொத்த வரும், தண்ணீர் குடிக்கும். தட்டில் குஞ்சு விழுந்து நனைவதையும் குண்டுகள் தடுக்கும். நனைந்த குஞ்சு விளக்கடியிலும் விறைத்துப்போகும்.

3. தீனியை முதல் இரண்டு நாளும் காகிதத்தின் மேலேயே பல இடங்களில் தூவுங்கள். மேலே அவித்த முட்டையைப் பொடியாக உதிர்த்து, கொஞ்சம் கீரையை நறுக்கித் தூவுங்கள். பச்சை நிறம் இவற்றை இழுக்கிறது.

4. பத்துக் குஞ்சுக்கு ஒரு முட்டை, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி பால் என்ற அளவில் 15 நாள் கொடுக்கச் சொல்வது தமிழகத்தில் வழக்கமான பரிந்துரை. நம் 50 குஞ்சுக்கு நாளைக்கு ஐந்து முட்டை. பால் கலந்த தண்ணீர் நம் வெயிலில் சீக்கிரம் புளிக்கும்; சில மணி நேரத்துக்கு ஒருமுறை கொட்டிவிட்டுக் குப்பியைக் கழுவ வேண்டும்.

5. முதல் ஐந்து நாளும் மாலையில் ஒவ்வொரு குஞ்சின் தீனிப்பையையும் விரலால் தடவிப் பாருங்கள். கொழகொழவென்று நிறைந்திருந்தால் தின்கிறது, குடிக்கிறது. கல்லாக இருந்தால் தண்ணீர் போதவில்லை. காலியாக இருப்பவற்றைத் தனியே பிரித்து, முட்டைக் கலவையை அலகில் வைத்து ஊட்டுங்கள்.

தின்னப் பழக்க நாலு கோழிக்குஞ்சுகளைக் கூட விடச் சொல்பவர்கள் உண்டு. பழக்குவதில் அவை கெட்டிதான். இன்குபேட்டரில் பொரித்து அன்றே வந்த கோழிக்குஞ்சிடம் புழுவும் இராது. ஆனால் பெரும்பாலோர் விடுவது முற்றத்தில் ஒரு வாரம் திரிந்த குஞ்சைத்தான்; அதன் காலில் ஒட்டிய மண்ணே போதும். இரண்டாவது ஈடு எடுப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது. நான்கைந்து நாள் மூத்த, நன்றாகத் தின்கிற வான்கோழிக் குஞ்சு இரண்டை உள்ளே விடுங்கள்.

புரதம்: கோழித் தீனி ஏன் போதாது?

வான்கோழிக் குஞ்சுக்கு முதல் நான்கு வாரத் தீனியில் 28 சதவீதம் புரதம் வேண்டும். அடுத்த நான்கு வாரம் 26. கடையில் கிடைக்கும் முட்டைக்கோழிக் குஞ்சுத் தீனியில் 18 முதல் 20தான் இருக்கும். பிராய்லர் ஸ்டார்ட்டரில் 22 வாக்கில் இருக்கும். குறைந்த புரதத்தில் குஞ்சு உடனே சாகாது. அதனால்தான் இந்தத் தவறு கண்ணில் படுவதில்லை. மூன்றாம் வாரத்தில் ஒரே ஈட்டுக் குஞ்சுகள் பெரிதும் சிறிதுமாகத் தெரியும்; இறகு தாமதமாக முளைக்கும்; ஒன்றையொன்று இறகு பிடுங்கும். இறகில்லாத குஞ்சுக்குச் சூடு அதிக நாள் தேவைப்படுகிறது, ஆனால் காலண்டரைப் பார்த்து விளக்கை எடுத்துவிடுகிறோம். பட்டினிச் சாவைக் கடந்து வந்த குஞ்சு ஐந்தாம் வாரத்தில் குளிரில் சாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்குச் செலவு ஆகாதா என்று கேட்பது நியாயமே. நம் நாட்டில் வளர்க்கும் சிறு வகைகள் முதல் நான்கு வாரத்தில் குஞ்சுக்குச் சுமார் ஒரு கிலோ தீனி தின்னும். 50 குஞ்சுக்கு ஒரு 50 கிலோ மூட்டை. சந்தைக்குப் போகும்வரை அந்தப் பறவை தின்னப்போகும் மொத்தத்தில் இது சிறு துண்டு. மிச்சம் பிடிக்க வேண்டுமானால் எட்டு வாரத்துக்குப் பிறகு பிடியுங்கள். அப்போது 22 சதவீதம் போதும், பன்னிரண்டு வாரம் தாண்டினால் 19. அப்போது அகத்தி, வேலிமசால், குதிரைமசால் என்று பசுந்தீவனத்தையும் கூட்டலாம். முதல் வாரங்களில் கீரை ஆசைகாட்டத்தான். அதை அள்ளிப் போட்டால் சிறு தீனிப்பை தண்ணீரால் நிறைந்து, புரதத்துக்கு இடம் இல்லாமல் போகும்.

வான்கோழித் தீனி தனியாகக் கிடைக்காத ஊரில் கலந்துகொள்ளலாம். 22 சதவீத ஸ்டார்ட்டர் மூன்று பங்கு, 46 சதவீதப் புரதமுள்ள சோயாப் புண்ணாக்கு ஒரு பங்கு சேர்த்தால் சரியாக 28 வரும்.

1. 37.5 கிலோ ஸ்டார்ட்டர் மாவுத் தீனியோடு 12.5 கிலோ சோயாப் புண்ணாக்கைப் பொடித்துச் சேருங்கள்.

2. சோயா சேர்த்ததால் சுண்ணாம்புச் சத்து குறைந்திருக்கும். 750 கிராம் டைகால்சியம் பாஸ்பேட், 50 கிராம் மெத்தியோனின் ஆகியவற்றோடு, பொட்டலத்தில் சொன்ன அளவில் கோழி வைட்டமின் கலவையும் சேருங்கள். இந்தச் சிறு பொருட்களை முதலில் ஒரு கிலோ தீனியில் நன்றாகப் பிசறிவிட்டு, பிறகு முழுதோடும் கலக்க வேண்டும்.

3. ஐந்தாம் வாரத்திலிருந்து ஐந்துக்கு ஒன்று என்று மாற்றினால் 26 சதவீதம் கிடைக்கும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். ஸ்டார்ட்டர் மூட்டை வாங்கும்போது அதில் சேர்த்துள்ள ரத்தக்கழிச்சல் தடுப்பு மருந்தின் பெயரைக் கேளுங்கள். சாலினோமைசின், நராசின் என்ற இரண்டும் பிராய்லருக்குப் பழகியவை, வான்கோழிக்கு நஞ்சு. வளர வளர அந்த நஞ்சு கடுமையாகும். கால் பின்னோக்கி நீட்டி, நெஞ்சு தரையில் பட, எழ முடியாமல் பறவைகள் கிடந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது தீனி மூட்டையைத்தான். பெயர் தெரியாத மூட்டையை வாங்காதீர்கள். இரண்டாவது எச்சரிக்கை, கருவாடு. மலிவான புரதம் என்று கருவாட்டுத் தூளைச் சேர்க்கிறார்கள். உப்புக் கருவாடு என்றால் குஞ்சின் வயிற்றில் நீர் கோத்துச் சாகும்.

கரையான் கொடுக்கலாமா என்றால், தாராளமாக. சாணமும் கோணியும் போட்டுப் பானையைக் கவிழ்த்துக் கரையான் பிடிக்கும் பழைய முறை நல்ல துணைத் தீனிதான். மண்புழுவை மட்டும் ஒருபோதும் கொடுக்காதீர்கள். அது நல்ல புரதம் என்பதில் ஐயமில்லை. ஆனால் கோழி எச்சம் விழுந்த மண்ணைத் தின்று வாழும் மண்புழு, குருட்டுக்குடல் புழுவின் இளம் பருவத்தைத் தன் உடலுக்குள் சேர்த்து வைத்திருக்கும். குஞ்சுக்கு ஒரு மண்புழுவைத் தூக்கிப்போடுவது கருந்தலை நோயைக் கையால் ஊட்டுவதற்குச் சமம்.

கருந்தலை நோய்

பெயர் ஏமாற்றும். தலை கறுப்பது எப்போதும் நடப்பதில்லை. அதைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தால் நோயைத் தவறவிடுவீர்கள். நோயைச் செய்வது ஒரு செல் உயிரி. எச்சத்தில் தனியாக விழுந்தால் அது சீக்கிரமே செத்துவிடும். புழுவின் முட்டைக்குள் புகுந்துகொண்டால் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். இந்த ஒரு செய்தியிலிருந்துதான் தடுப்பு முறைகள் எல்லாம் பிறக்கின்றன. முற்றத்தைக் கூட்டிப் பெருக்குவதோ, கோழிகளை ஒரு மாதம் அடைத்து வைப்பதோ மண்ணைச் சுத்தமாக்காது என்பதும் இதனால்தான்.

1. எட்டு வாரம் வரை குஞ்சுகளை மண்ணில் இறக்காதீர்கள். சிமெண்டுத் தரையில் உமிக் கூளமோ, எச்சம் கீழே விழும் பரணோ போதும். நான்கு வாரம் வரை குஞ்சுக்கு ஒன்றே கால் சதுர அடி, அதன்பின் இரண்டரை சதுர அடி இடம் வேண்டும். நம் 50 குஞ்சுக்கு ஐந்தாம் வாரத்தில் 125 சதுர அடி.

2. தினமும் முதலில் வான்கோழியைக் கவனித்துவிட்டு, பிறகே கோழியிடம் போங்கள். வான்கோழி அறை வாசலில் தனிச் செருப்பு ஒன்று இருக்கட்டும். மண்வெட்டி, கூடை, தண்ணீர்க் குப்பி எதையும் இரண்டுக்கும் மாற்றிப் பயன்படுத்த வேண்டாம்.

3. மேய்ச்சலுக்கு விடும் இடம் கடந்த மூன்று நான்கு ஆண்டுகளாகக் கோழி நடமாடாத இடமாக இருக்க வேண்டும். கோழி எருப் போட்ட தோட்டமும் ஆகாது.

4. மழை விட்டதும் மண்புழு மேலே வரும். ஐப்பசி, கார்த்திகையில் தரை காயும்வரை வெளியே விடாதீர்கள்.

5. பண்ணையில் கோழி இருந்தே தீரும் என்றால், கோழிகளுக்கும் எட்டு வாரம் தாண்டிய வான்கோழிகளுக்கும் கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் குடற்புழு நீக்க வேண்டும். அந்த மருந்து வண்டியான புழுவைத்தான் கொல்லும். அதில் ஏறி வந்த கிருமியைக் கொல்லாது. நோய் வந்த பிறகு அதை மட்டும் கொடுத்துக் காப்பாற்ற முடியாது.

சில பண்ணைகளில் கோழியும் வான்கோழியும் வருடக்கணக்கில் ஒன்றாக மேய்வதைக் காட்டி, இதெல்லாம் மிகை என்பார்கள். அங்கே ஒன்றாக மேய்பவை பெரும்பாலும் வளர்ந்த பறவைகளாக இருப்பதைக் கவனியுங்கள். மூன்று வாரத்திலிருந்து நான்கு மாதம் வரையுள்ள குஞ்சுகளே அதிகம் சிக்குகின்றன. தவிர, எல்லா மண்ணிலும் கிருமி இராது. உங்கள் மண்ணில் இருக்கிறதா என்பதைக் கண்டுபிடிக்கச் சிறு பண்ணையாளருக்கு உள்ள ஒரே சோதனை குஞ்சுகளை இறக்கிப் பார்ப்பதுதான். 50 குஞ்சை வைத்து அந்தச் சோதனையைச் செய்ய நான் சொல்லமாட்டேன்.

தொற்றி ஏழு முதல் பன்னிரண்டு நாளில் அடையாளம் தெரியும். இறக்கையைத் தொங்கவிட்டு, கண்ணை மூடி, ஒதுங்கி நிற்கும், தீனி குறையும். எச்சம் கந்தகப் பொடியைப் போன்ற மஞ்சளாக இருக்கும். வெள்ளைக் கழிச்சல் என்றோ ரத்தக் கழிச்சல் என்றோ ஊகித்து மருந்து வாங்குவதில் இரண்டு மூன்று நாள் வீணாகிறது. செத்த பறவையை அன்றைக்கே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குருட்டுக்குடல் தடித்து, உள்ளே பாலாடைக்கட்டி போன்ற அடைப்பும், கல்லீரலில் நடுவில் குழிந்த வட்ட வட்டமான புள்ளிகளும் இருந்தால் நோய் இதுதான். முன்பு இதற்குத் தந்த மருந்துகள் இறைச்சியில் எச்சம் தங்கும் அச்சத்தால் பல நாடுகளில் உணவுப் பறவைகளுக்குத் தடை செய்யப்பட்டுவிட்டன. கடைக்காரர் தரும் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊற்றாதீர்கள். எதைத் தரலாம், தந்தால் எத்தனை நாள் கழித்து விற்கலாம் என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

வான்கோழிக் கூட்டத்துக்குள் இந்த நோய் புழுவின் உதவியில்லாமலே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பரவும். நோயுள்ள பறவையின் ஈர எச்சம் மற்றொன்றின் ஆசனவாயில் பட்டாலே உள்ளே இழுக்கப்பட்டுவிடும். எனவே முதல் மஞ்சள் எச்சத்தைக் கண்ட அன்றே செய்ய வேண்டியவை இவை:

1. சோர்ந்தவற்றை வேறு அறைக்கு மாற்றுங்கள்.

2. நலமாக உள்ளவற்றைத் தடுப்பு வைத்துப் பத்துப் பத்தாகப் பிரியுங்கள். ஒரு தடுப்பில் பரவினாலும் மற்றவை தப்பும்.

3. ஈரக் கூளத்தை அள்ளி எரித்துவிட்டுப் புது உமி போடுங்கள். எருக்குழியில் போடாதீர்கள்; அங்கே மண்புழுவும் வரும், கோழியும் வரும்.

4. செத்தவற்றைச் சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதையுங்கள்.

5. அவை மேய்ந்த நிலத்தை வேலியிட்டு, தேதியை எழுதி வையுங்கள். நான்கு ஆண்டுகளுக்கு அங்கே வான்கோழிக் குஞ்சு இறங்கக் கூடாது. ஆடு மேயலாம், சோளம் விதைக்கலாம்.